வருஷம் திரும்பியும் அழுகிறார் என்று அழைத்து வரும் உறவினர்களுக்கு

கேதம் நடந்த வீட்டின் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் கொழுந்தன்மாருக்கும் மருமக்களுக்கும்,

தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றின் மனநலப் பிரிவில் 19 ஆண்டுகளாக உட்கார்ந்திருக்கிறேன். துக்கப்பட்டவர் தானாக எழுந்து இங்கே வருவது அபூர்வம். நீங்கள்தான் கூட்டி வருகிறீர்கள். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். நீங்கள் பின்னால் நின்றபடி பேசுவீர்கள். "வருஷம் திரும்பிருச்சு டாக்டர். படையலும் போட்டாச்சு. இன்னும் அழுதுக்கிட்டே இருக்காங்க. எதாச்சும் மாத்திரை குடுங்க." ஊர் மாறும், சாதி மாறும், இந்த நாலு வாக்கியம் மட்டும் மாறுவதில்லை.

உங்களிடம் எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டியிருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல். துக்கம் நோயாகிவிட்டதா என்பதைச் சொல்ல ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2022-ல் தன் நோய்க் கையேட்டைத் திருத்தி வெளியிட்டபோது 'நீடித்த துக்க நோய்' என்ற பெயரை முதன்முறையாகப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. துக்கத்தின் கால அளவும் தீவிரமும் அந்த மனிதருடைய சமூகம், பண்பாடு, மதம் ஆகியவற்றின் வழக்கத்தைத் தெளிவாகத் தாண்டியிருக்க வேண்டும். உங்கள் வீட்டு வழக்கம் எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் சொல்லித்தான் தெரிய வேண்டும். அதாவது என் தீர்ப்பில் பாதி உங்கள் சாட்சியம். நீங்களோ சாட்சியம் சொல்லாமல், வரும்போதே தீர்ப்போடு வந்துவிடுகிறீர்கள்.

முதலில் அந்த ஒரு வருஷக் கணக்கைப் பேசிவிடலாம். மேலே சொன்ன அமெரிக்கக் கையேடு, பெரியவர்களுக்கு இறப்பு நடந்து 12 மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 6 மாதம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலோ எல்லோருக்குமே குறைந்தது 6 மாதம் என்கிறது. ஒரே நோய்க்கு இரண்டு கெடு இருப்பதைக் கேட்டதும், டாக்டர்களுக்குள்ளேயே தகராறு என்று நீங்கள் சிரிக்கலாம். உண்மையில் தகராறுதான். துக்கத்துக்கு நோய்ப் பெயர் சூட்டவே கூடாது என்று வாதாடியவர்கள் உண்டு. ஹார்வர்டின் மனநல மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன், தன் மனைவி இறந்த மறுவருஷம், 2012-ல், லான்செட் இதழில் தன் துக்கத்தையே சாட்சியாக வைத்து எழுதினார். இயல்பான துக்கத்தையே நோயாக்கிவிடுவோமோ என்ற அந்த அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்ததால்தான் 12 மாதம் வந்தது. அவசரப்பட்டு யார் நெற்றியிலும் நோய்ச் சீட்டு ஒட்டிவிடக் கூடாது என்று போட்ட வேலி அது. அதற்கு முன்னால் முடிவுக்கு வராதே என்றுதான் அந்தக் கணக்கு எனக்குச் சொல்கிறது. அதற்குள் அழுது முடித்துவிடு என்று அது யாருக்கும் சொல்லவில்லை. வருஷம் திரும்பியும் அழுகிற பெரும்பாலோருக்கு நோய் எதுவும் இல்லை.

அப்படியானால் எதைப் பார்க்கிறேன்? ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

26 வயது மகன், புறவழிச் சாலையில் பைக் விபத்தில் இறந்து 16 மாதம் ஆகியிருந்தது. அம்மாவுக்கு 54 வயது. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், 61. அழைத்து வந்தது பையனின் சித்தப்பா. நல்ல மனிதர், அக்கறையில் குறையே சொல்ல முடியாது. "மதினி தெனமும் காக்காவுக்குச் சோறு வச்சு அவன் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. போட்டோகிட்ட பேசுறாங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அழ ஆரம்பிச்சா தெருக் கடைசி வரைக்கும் கேக்குது. ராத்திரி பைக் சத்தம் கேக்குதாம், 'அம்மா'ன்னு கூப்பிடுறானாம். அண்ணன் பரவால்ல டாக்டர், தைரியசாலி. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல." அந்தத் தைரியசாலி ஓ.பி. சீட்டைக் கையில் மடித்து வைத்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தார்.

அம்மாவிடம் பேசினேன். ராத்திரி நடுவில் முழிப்பு வருகிறது, திரும்பவும் தூக்கம் வந்துவிடுகிறது. மகளிர் குழுக் கடனுக்குத் தவணை கட்டுவது அவர்தான், ஒரு மாதமும் தவறவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் தங்கச்சி பேத்தியின் சடங்குக்குப் போயிருக்கிறார். பந்தியில் பையன் வயதுப் பையன்களைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. கொல்லையில் போய் முகம் கழுவிவிட்டு வந்து சாம்பார் வாளியைத் தூக்கியிருக்கிறார். மகனுக்கு நெத்திலிக் குழம்பு என்றால் உயிர். முதல் ஆறு மாதம் அந்த வீட்டில் நெத்திலி வாங்கவே இல்லை. இப்போது வைக்கிறார், முதல் கரண்டி காக்காவுக்கு. ஏழு வயதில் அவன் பக்கத்து வீட்டு ஆட்டுக்குத் தன் பள்ளிக்கூடச் சட்டையை மாட்டிவிட்ட கதையைச் சொல்லும்போது சிரித்தார். சிரித்த வாயோடே அழுதார்.

இங்கே நான் பார்ப்பது ஓட்டத்தை. முதல் மாதம் நாள் முழுக்க இருந்த அழுகை இப்போது வெள்ளிக்கிழமைக்கு வந்திருக்கிறது. செய்ய முடியாமல் இருந்த ஒன்று செய்ய முடிகிறது. நினைவு வரும்போது வலியும் வருகிறது, இனிப்பும் வருகிறது. அலை அடித்துத் திரும்புகிறது. ஏங்கி அழுகிறார், உண்மை. ஆனால் அந்த ஏக்கம் அவரை வாழ்க்கையிலிருந்து பிடித்து நிறுத்தவில்லை. காக்காவுக்கு வைப்பதும் படத்தோடு பேசுவதும் நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பவை. சத்தம் போட்டு அழுவது நோயென்றால் ஒப்பாரி பாடிய நம் பாட்டிமார் அத்தனை பேரையும் வார்டில் சேர்த்திருக்க வேண்டும்.

பைக் சத்தத்தைப் பற்றி நீங்கள் தனியே என் காதில் கேட்பதுண்டு, கோடாங்கியிடம் போகலாமா என்று. வேல்ஸ் நாட்டின் நடுப்பகுதியில் டெவி ரீஸ் என்ற குடும்ப மருத்துவர், துணையை இழந்த 293 பேரிடம் கேட்டுப் பார்த்து 1971-ல் எழுதினார். ஏறத்தாழப் பாதிப் பேர், இறந்தவர் அருகில் இருப்பதாக உணர்ந்ததாகவோ, பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ சொன்னார்கள். பலர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. ஆகவே கோடாங்கியும் வேண்டாம், நானும் வேண்டாம்.

"அம்மாவுக்கு மாத்திரை தேவையில்லை" என்றதும் சித்தப்பாவின் முகம் விழுந்துவிட்டது. தூரத்திலிருந்து வந்ததற்கு ஒரு சீட்டாவது கிடைக்க வேண்டாமா! எப்படி வந்தீர்கள் என்று பேச்சுக்குக் கேட்டேன். இரண்டு பஸ் மாறி, உள் ஊர்கள் வழியாக, இரண்டேகால் மணி நேரம் என்றார். புறவழிச் சாலையில் வந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அம்மா மெதுவாகச் சொன்னார்: "அந்த ரோட்டுக்கு இவுக போறதில்ல."

30 வருஷம் பஸ் ஓட்டியவர். அவரை உட்காரச் சொன்னேன். "எனக்கென்ன டாக்டர், நல்லாத்தான் இருக்கேன்" என்றபடியே உட்கார்ந்தார். அடுத்த முக்கால் மணி நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தவை இவை. மகனின் செல்போன் பீரோவுக்குள் சார்ஜில் இருக்கிறது. 28 நாளுக்கு ஒருமுறை தவறாமல் ரீசார்ஜ் செய்கிறார். தினம் ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு அந்த எண்ணுக்கு அழைக்கிறார். பீரோவுக்குள் மணி அடிப்பதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வருஷப் படையலன்று காய்ச்சல் என்று பின்கட்டில் போய்ப் படுத்துக்கொண்டார், இலை போட்டது தம்பிதான். டீக்கடைக்குப் போவதை நிறுத்தி 16 மாதம். கூரை ஒழுகுகிறதே என்றால் "அவன் வந்ததும் பாத்துக்கலாம்" என்கிறார்.

"போன் அடிக்கும்போது என்ன நினைப்பீங்க?"

"எடுப்பான்னு."

"எடுக்கலைன்னா?"

"வேலையா இருப்பான்னு." கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியும் டாக்டர். தெரியாம இல்ல. அன்னைக்கு நானும் போயிட்டேன், இது சும்மா நடமாடிக்கிட்டு இருக்கு."

கையேட்டின் முறையில் இதை எப்படிக் கணக்கிடுவேன் என்று சொல்கிறேன். முதலில் மையமான ஒன்று இருக்க வேண்டும். இறந்தவருக்கான தீராத ஏக்கம், அல்லது அவரைப் பற்றிய நினைப்பிலேயே மூழ்கிக் கிடப்பது. கடைசி ஒரு மாதமாவது ஏறக்குறைய தினமும் அது இருந்திருக்க வேண்டும். பிறகு எட்டு அறிகுறிகளில் குறைந்தது மூன்று தேவை. தன்னில் ஒரு பகுதி செத்துவிட்டது போன்ற உணர்வு, இறப்பை நம்ப முடியாமை, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, கடும் மனவலி, மனிதர்களோடும் வேலையோடும் மறுபடி ஒட்ட முடியாமை, உணர்ச்சி மரத்துப்போவது, வாழ்க்கைக்கு அர்த்தமில்லை என்று தோன்றுவது, ஆழ்ந்த தனிமை. இவற்றால் அன்றாட வாழ்வு முடங்கியிருக்க வேண்டும். அம்மாவுக்கு ஏக்கமும் மனவலியும் இருந்தன, அதற்கு மேல் எண்ண முடியவில்லை, முடக்கமும் இல்லை. அப்பாவுக்கு ஐந்து தேறியது. ஊரே தைரியம் என்று மெச்சிய கண்ணீரில்லாமை, அந்த ஐந்தில் ஒன்று.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். இறந்தவரின் போனுக்கு ரீசார்ஜ் செய்பவர் எல்லாம் நோயாளி என்று நினைத்துவிட வேண்டாம். அவர் குரலைக் கேட்கவென்று பழைய வாட்ஸாப் பதிவைப் போட்டுப் பார்க்கிற எத்தனையோ பேர் மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறார்கள். செயல் ஒன்றாகவே இருக்கும், அது எதற்கு உதவுகிறது என்பதில்தான் வித்தியாசம். அம்மா காக்காவைக் கூப்பிடும்போது மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்றுக்கொண்டு கூப்பிடுகிறார். இறந்தவனுக்குத்தானே காக்கா வரும்? அப்பா போன் அடிப்பது இறக்கவில்லை என்பதைக் காப்பாற்றிக்கொள்ள. இந்த வேறுபாடு கதவோரம் நின்று பார்த்தால் தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இது மனச்சோர்வு நோய்தானே என்று படித்த மருமக்கள் கேட்பீர்கள். இரண்டும் சேர்ந்தே வரலாம், ஆனால் ஒன்றல்ல. மனச்சோர்வில் எதிலும் நாட்டமில்லாமல் போகும், தான் எதற்கும் லாயக்கில்லை என்ற எண்ணம் எல்லாப் பக்கமும் பரவும். இங்கே நாட்டம் செத்துவிடவில்லை. முழுக்க ஒரே ஆள்மேல் குவிந்து கிடக்கிறது. அப்பாவிடம் மகனைப் பற்றிக் கேட்டபோது கண்ணில் வெளிச்சம் வந்தது, வேறு எதைக் கேட்டாலும் அணைந்தது. விபத்தைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு வரும் அதிர்ச்சி நோயிலோ, முன்னே நிற்பது பயம். அந்தக் காட்சி கனவிலும் விழிப்பிலும் அத்துமீறி வரும். இவர் விபத்தைப் பார்க்கவில்லை. இவரை இழுத்தது பயமல்ல, மகன்.

எல்லோரிடமும் நான் கேட்கிற, நீங்கள் கேட்கப் பயப்படுகிற கேள்வி ஒன்றுண்டு. "அவன்கிட்டயே போயிரணும்னு தோணுதா?" துக்கப்பட்டவர்களில் பலர் ஆமாம் என்பார்கள். சாமி எப்போ கூப்பிடுதோ அப்போ போகலாம் என்று இருப்பது ஒரு வகை. பூச்சிமருந்து எங்கே இருக்கிறது, எந்த நாள் வீட்டில் ஆள் இருக்காது என்று யோசித்து வைத்திருப்பது முற்றிலும் வேறு. இரண்டாவது தெரிந்தால் 12 மாதம், 6 மாதம் எல்லாம் பேசிக்கொண்டிருக்காதீர்கள், இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தாலும் அன்றே கூட்டி வாருங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ராத்திரி நேரமென்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் தமிழில் பேசலாம்.

யாருக்கு இப்படி ஆகும் என்பதில் ஓரளவு தெரிந்தது உண்டு. இயற்கையான சாவுகளுக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு என்று 2017-ல் வந்த தொகுப்பாய்வு கணக்கிட்டது. விபத்து, தற்கொலை, கொலை, பேரிடர் என்று வந்தால் அந்த விகிதம் பல மடங்கு ஏறுகிறது. பிள்ளையை இழந்தவர்களுக்கு இன்னும் கூடுதல். ஆகவே இந்த மாதிரிச் சாவு நடந்த வீட்டில் நீங்கள் கொஞ்சம் அதிகமாகவே கண் வைத்திருக்கலாம். சாவு வீட்டிலேயே அழுகையை அடக்க ஊசி போடச் சொல்லி எங்கள் ஆட்களை வற்புறுத்துகிறீர்களே, அது கண் வைப்பதில் சேராது. அந்த ஊசியால் அவர் இழப்பது, மகனைக் கடைசியாகப் பார்க்கிற அரைமணி நேரம். அது பிறகு எந்த மருந்திலும் கிடைக்காது.

மாத்திரைக்கு வருகிறேன். அமெரிக்காவில் கேத்தரின் ஷியர் என்ற மனநல மருத்துவர் இந்த நோய்க்கென்றே 16 சந்திப்புகள் கொண்ட பேச்சு சிகிச்சை ஒன்றை உருவாக்கினார். 395 பேரை வைத்து அவர் குழு நடத்தி 2016-ல் வெளியிட்ட ஆய்வில், அந்தச் சிகிச்சையோடு மனச்சோர்வு மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை கூடவே இருந்த மனச்சோர்வைக் குறைத்தது. துக்க நோய் குணமாவதில் கூடுதலாக எதையும் செய்யவில்லை. மாத்திரை எழுத நான் யோசிப்பது கஞ்சத்தனத்தால் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்தச் சிகிச்சை கேட்பதற்குக் கொடூரமாகத் தெரியும். செய்தி வந்த நேரத்தைக் கண்ணை மூடிக்கொண்டு, நிகழ்காலத்தில் நடப்பதுபோல் சொல்ல வேண்டும். அதைப் பதிவு செய்து வீட்டில் கேட்க வேண்டும். தவிர்க்கிற இடத்துக்கு ஒவ்வொரு படியாகப் போக வேண்டும். கூடவே, இனி தனக்கென்று என்ன வேண்டும் என்பதையும் பேச வேண்டும். இந்தக் கடைசியைத்தான் எல்லோரும் எதிர்க்கிறார்கள், அது துரோகம் என்று. அரசு மருத்துவமனை நெரிசலில் வாரம் ஒரு மணி நேரம் ஒருவருக்கு ஒதுக்க முடியவில்லை. எங்கள் உளவியலாளர் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்த்தார். மொத்தம் 11 சந்திப்பு. முதல் மூன்றில் அப்பா வானிலை பேசினார். நான்காவதில் அந்த இரவைச் சொன்னார். போன் வந்தபோது தான் அலுத்துக்கொண்டு எடுக்காமல் விட்டதைச் சொன்னார். மகன் எண்ணிலிருந்து யாரோ அழைத்திருக்கிறார்கள், இவர் தூக்கத்தில் கட் செய்துவிட்டார். ராத்திரி தோறும் அதே எண்ணுக்கு இவர் ஏன் அழைக்கிறார் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

ஐந்தாவது சந்திப்புக்குப் பிறகு தம்பியோடு புறவழிச் சாலை நிறுத்தம் வரை நடந்து போய்ப் பஸ் ஏறாமல் திரும்பினார். ஏழாவது சந்திப்புக்கு அந்தச் சாலை வழியாகவே வந்தார். கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒன்றும் பேசாமல் பஸ் டிக்கெட்டை மேஜைமேல் வைத்தார். இரண்டாம் வருஷப் படையலுக்கு அவரே இலை போட்டார், தம்பி பக்கத்தில் நின்றார். கூரைக்கு ஓடு மாற்றியாகிவிட்டது. டீக்கடைக்கு இன்னும் போவதில்லை. ரீசார்ஜும் நிற்கவில்லை. நிறுத்தச் சொல்லி நாங்களும் கேட்கவில்லை. மகன் பிறந்த நாளன்று மட்டும் அழைக்கிறாராம்.

இந்த அளவுகோல் எங்கே உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த நோயின் முதல் நிபந்தனையே ஒருவர் இறந்திருக்க வேண்டும் என்பது. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத கன்னியாகுமரி மீனவர்களின் மனைவிமாருக்கு உடலும் இல்லை, நாளும் இல்லை. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை ஏந்திச் சாலையோரம் உட்கார்ந்த தாய்மார்களுக்கும் அப்படித்தான். அவர்கள் இறப்பை நம்ப மறுப்பது அறிகுறி ஆகாது. அவர்களுக்கு யாரும் இறப்பை நிரூபித்துக் காட்டவில்லை. அப்படி ஒருவரை அழைத்து வந்தால் நான் எண்ண ஆரம்பிக்க மாட்டேன், உட்கார்ந்து கேட்பேன். அவர்களுக்கு வேண்டிய பதில் என் மேஜையில் இல்லை.

மற்றவர்களுக்கு என் வேண்டுகோள் இது. அடுத்தமுறை வரும்போது எத்தனை நாளாக அழுகிறார் என்பதை விட்டுவிட்டு, நீங்கள் கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு முன் செய்யாத எதை இப்போது செய்கிறார்? எந்தத் தெருவுக்கு, எந்த அறைக்கு, எந்த வீட்டு விசேஷத்துக்குப் போவதில்லை? இறந்தவரைப் பற்றிப் பேசும்போது எப்போதாவது சிரிக்கிறாரா? உங்கள் வீட்டில் இதற்கு முன் ஒரு சாவு நடந்தபோது பெரியவர்கள் எத்தனை காலம், எப்படித் துக்கம் காத்தார்கள்? இவற்றை ஒரு தாளில் எழுதி வந்தாலும் சரி. கடைசியாக ஒன்று: அழுகிறவரைக் கூட்டி வரும்போது, கதவோரம் ஓ.பி. சீட்டோடு நிற்கிறவரையும் உள்ளே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாவட்டத்து மனநல மருத்துவர்